பழைய லேத்தா, புது லேத்தா? இரண்டு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கோவையில் பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்து தரும் ஒரு சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பழைய சிஎன்சி லேத் 10 லட்சத்துக்குக் கிடைக்கிறது. புதியது 16 லட்சம். எதை வாங்கலாம்? (எண்கள் கணக்கைக் காட்ட நான் வைத்தவை.)

முதலில், மெஷினால் ஆண்டுக்குக் கையில் எவ்வளவு பணம் மிஞ்சும் என்று எழுதுங்கள். கூலி, கரண்ட், டூல், பழுதுச் செலவைக் கழிக்க வேண்டும். தேய்மானத்தைக் கழிக்கக் கூடாது. அது கையை விட்டுப் போகும் பணம் இல்லை. கடன் வட்டியையும் கழிக்க வேண்டாம், அது பின்னால் வேறு வழியில் வரும். வருமான வரியை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழையது: 5, 4, 3, 1, 1 லட்சம். வயதாக ஆகப் பழுது கூடும், வேலை நிற்கும்.
புதியது: 4, 5, 5, 5, 5 லட்சம். ஐந்தாம் ஆண்டு முடிவில் விற்றால் இன்னும் 4 லட்சம்.

அடுத்து, போட்ட முதல் எப்போது திரும்பும் என்று பாருங்கள். பழையதில் இரண்டு ஆண்டில் 9 லட்சம் வந்துவிடும். மீதி 1 லட்சத்துக்கு நான்கு மாதம். ஆக 2 ஆண்டு 4 மாதம். புதியதற்கு ஏறக்குறைய 3 ஆண்டு 5 மாதம். பழையதுதான் ஜெயிக்கிறது. ஆனால் முதல் திரும்பிய பிறகு வரும் பணத்தை இந்தக் கணக்கு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அதைப் பார்ப்பது நிகர இன்றைய மதிப்பு: ஒவ்வோர் ஆண்டும் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டி, அதில் மெஷின் விலையைக் கழிப்பது. உங்கள் பணத்தின் விலை, அதாவது அதற்கு ஆகும் வட்டி, ஆண்டுக்கு 12% என்றால், அடுத்த ஆண்டு வரும் 1 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 1 ÷ 1.12, அதாவது 89 பைசா. ஐந்தாம் ஆண்டு ரூபாய்க்கு 57 பைசாதான். வட்டி இங்கேதான் வருகிறது. எக்செலில் B2-ல் விலையையும் B3 முதல் B7 வரை ஐந்தாண்டுப் பணத்தையும் போட்டு (புதியதற்கு B7-ல் 9) இப்படி எழுதுங்கள்:

```
=NPV(12%,B3:B7)-B2
```

B2-ஐ அடைப்புக்குள் சேர்த்துவிடாதீர்கள். முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வரும் பணமாக எக்செல் எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் விலையும் குறைந்துவிடும்.

விடை: பழையது 0.99 லட்சம், புதியது 3.40 லட்சம். தீர்ப்பு தலைகீழ்!

சரி, எதை நம்புவது? புதியதன் லாபமெல்லாம் நான்காம், ஐந்தாம் ஆண்டில்தான் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஆர்டர் குறைந்து 5 லட்சத்துக்குப் பதில் 3 லட்சமே வந்தால், அதன் மதிப்பும் 0.99 லட்சத்துக்கு இறங்கிவிடும். இரண்டும் சமம். அப்போது நான் பழையதையே எடுப்பேன், முதல் சீக்கிரம் கைக்கு வருமே. ஆர்டர் தரும் பம்ப் கம்பெனிகள் இரண்டு மூன்று இருந்து, நான்காம் ஆண்டிலும் 4 லட்சத்துக்குக் குறையாது என்று தோன்றினால் புதியதுதான்.