நீர் குடிக்காத விதைக்குக் குளிர் ஏறாது: விதை உறக்கத்தைக் கலைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மர விதைகளையும் பூச்செடி விதைகளையும் முதன்முதலாக முளைக்க வைப்பவர்கள், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். ஆழமாகப் புதைத்தது, தண்ணீர் விட மறந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அடுத்த விதைத்தட்டிலேயே சரியாகிவிடும். உயிரோடு இருந்தும் முளைக்காமல் கிடக்கும் விதையின் உறக்கத்தைக் கலைக்கப்போய், ஒரு பருவத்தையே விழுங்கிவிடும் பிழைகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உலர்ந்த விதையைக் குளிரில் வைப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. "குளிர் தேவைப்படும் விதை" என்று எங்கோ படித்துவிட்டு, விதைப் பொட்டலத்தை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் போட்டு மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் விதைக்குள் நடப்பது சேமிப்பு மட்டும்தான். உலர்ந்த குளிர் விதையின் உயிரைக் காப்பாற்றும், உறக்கத்தைக் கலைக்காது. பல இன விதைகளில், உறக்கத்தையும் சேர்த்தே பாதுகாத்து வைக்கும்.

காரணம் இதுதான். ஆப்பிள், பீச், ரோஜா, மேப்பிள் போன்ற குளிர்நாட்டுத் தாவரங்களின் விதை இலையுதிர் காலத்தில் விழுகிறது. உடனே முளைத்தால் பனியில் நாற்று செத்துவிடும். அதனால் நீண்ட ஈரக் குளிரைக் கடந்த பிறகுதான் வளர வேண்டும் என்ற கட்டுப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி மெல்லத் தளர வேண்டும், முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெலினின் கை ஓங்க வேண்டும். இது உயிருள்ள செல்களுக்குள் நடக்கும் வேதிவேலை. நீரை உறிஞ்சிய செல்லில்தான் அந்த வேலை ஓடும். வறண்ட விதையில் கிட்டத்தட்ட எல்லாமே நின்றுபோய் இருக்கும்.

நண்பர் ஒருவர் ரெட்பட் என்ற செர்சிஸ் மர விதைகளை இப்படித்தான் கையாண்டார். இலை இல்லாத கிளையிலேயே இளஞ்சிவப்பாகப் பூக்கும் அவரைக் குடும்பத்து மரம் அது. முதல் முறை பொட்டலத்தோடு குளிரில் வைத்து, எடுத்து விதைத்தார், ஒன்றும் வரவில்லை. ஈரம் வேண்டும் என்று நான் சொன்னதும் அடுத்த முறை ஈர மணலில் கலந்து வைத்தார். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"விதை செத்துப்போச்சு, தட்டைக் கொட்டிடலாமா?" என்று கேட்டார்.

"கொட்டாதீங்க, முதல்ல விதையைத் தேடி எடுங்க" என்றேன்.

எடுத்துப் பார்த்தால், போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே பழுப்பாக, சின்னதாக, கல் மாதிரி இருந்தன. ஈர மணலில் மாதக்கணக்கில் கிடந்தும் ஒரு சொட்டு நீர் உள்ளே போகவில்லை. செத்த விதை பெரும்பாலும் மெத்தென்று அழுகியிருக்கும். இவை கெட்டியாக இருந்தன. சிலவற்றின் தோலை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி நீரில் போட்டோம். மறுநாள் காலையில் அவை மட்டும் நன்றாக உப்பியிருந்தன. கிள்ளாதவை அதே அளவில் கிடந்தன.

ரெட்பட் விதைக்கு இரண்டு பூட்டு. வெளியே நீர் புகாத தோல், உள்ளே குளிர் கேட்கும் கரு. வெளிப்பூட்டைத் திறக்காமல் குளிரில் வைத்தால், ஈர மணலில் வைத்தாலும் அது உலர்ந்த குளிர்தான். எனவே வரிசை முக்கியம்: முதலில் தோலைத் திறக்க வேண்டும், பிறகு ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். உப்பியவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குப் பிறகு குளிரில் வைக்க வேண்டும். அவர் மறுபடி அப்படிச் செய்தார், நாற்றுகளும் வந்தன. ஆனால் குளிர்காலத்தை முதலிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு சோதனை போதும். எந்த விதையாக இருந்தாலும் குளிரில் வைக்கும் முன் ஒரு நாள் சாதாரண நீரில் ஊற விட்டு, ஊறாத விதை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பருத்திருந்தால் தோலில் கை வைக்கத் தேவையில்லை, நேரே குளிருக்குப் போகலாம். அளவு மாறவே இல்லையென்றால் தோல் பூட்டியிருக்கிறது.

சரி, குளிர் கொடுப்பது எப்படி? ஆப்பிள் விதையை எடுத்துக்கொள்வோம். பழச்சதை ஒட்டாமல் கழுவி, ஒரு நாள் ஊற வைத்து, ஈர மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ கலக்க வேண்டும். கையில் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் காற்று இல்லாமல் விதை அழுகும். ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் தட்டில் வையுங்கள். ஆப்பிளுக்குச் சுமார் 60 முதல் 90 நாள் ஆகும். வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். பூஞ்சணம் தெரிந்தால் விதையைக் கழுவிப் புது மணலுக்கு மாற்றலாம். வெள்ளையாக முளைவேர் எட்டிப் பார்த்துவிட்டால், நாள் கணக்கு முடியவில்லை என்று காத்திருக்காமல் உடனே நட்டுவிட வேண்டும்.

உறைபெட்டியில் வைப்பது

வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே இந்த வேலை நடக்காது, ஊறிய விதைக்குள் பனி உறைந்தால் கரு செத்துவிடும்.

விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவது

கொன்றை, வாகை போன்றவற்றின் தோலில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் நீரைத் தடுக்கின்றன. அவரைக் குடும்பத்து விதைகளில், காயோடு ஒட்டியிருந்த இடமான விதைத்தழும்புக்குப் பக்கத்தில் ஒரு பலவீனமான புள்ளி உண்டு. சூடு பட்டதும் அது விரிந்து நீருக்கு வழி விடுகிறது. அந்தப் புள்ளி திறந்தால் போதும், விதை வேகத் தேவையில்லை. நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு அப்படியே ஆற விடுங்கள். விதையைப் போல ஐந்தாறு மடங்கு நீர் இருக்கட்டும். மறுநாள் உப்பியவற்றை விதைத்துவிட்டு, உப்பாதவற்றுக்கு மட்டும் திரும்பச் செய்யலாம். முழுக் குவியலுக்கும் மறுபடி சூடு கொடுத்தால், ஏற்கெனவே திறந்த விதைகள் வெந்துபோகும்.

தழும்புப் பக்கத்தில் கீறுவது

முளைவேர் அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் தேயுங்கள். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தாமரை விதைக்கு உப்புத்தாளைவிட அரம் நல்லது. தேய்த்த விதையைச் சேமிக்க முடியாது, அன்றே ஊற வைக்க வேண்டும்.

அமிலம்

கெட்டித் தோலை அரிக்க நாற்றங்கால்களில் அடர் கந்தக அமிலம் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் தொடாதீர்கள்.

எல்லா விதைக்கும் குளிர் கொடுப்பது

மா, கோகோ, ரப்பர் விதைகளுக்கு இந்த உறக்கமே கிடையாது. உலர்த்தினாலும் குளிர வைத்தாலும் செத்துவிடும். வந்த கையோடு விதைக்க வேண்டியவை அவை.

குளிரிலிருந்து நேரே வெப்பத்துக்கு மாற்றுவது

ஈரக் குளிர் முழுமையாகாத ஆப்பிள் விதையைத் திடீரென்று வெப்பமான இடத்தில் வைத்தால், அது மறுபடி உறங்கப் போய்விடக்கூடும். இரண்டாவது உறக்கத்தைக் கலைக்கத் திரும்ப ஒரு முழுக் குளிர் வேண்டும். எனவே பையிலிருந்து எடுத்ததும் மிதமான, நிழலான இடத்தில் விதையுங்கள். ஒரே பழத்து விதைகள்கூட ஒன்றாக முளைப்பதில்லை. முதல் வசந்தத்தில் வராதவை கெட்டியாக இருந்தால் தட்டை ஈரம் காயாமல் வைத்திருங்கள். சில அடுத்த குளிர்காலத்துக்குப் பிறகு முளைக்கும்.