திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றம்: தம்பதியர் எண்ணைக் கணிக்கையில் நேரும் தவறுகள்

திருமணமான பெண் தன் பெயருக்கு முன்னுள்ள அப்பாவின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்வது சென்னையில் இயல்பாக நடப்பது. அவ்வாறு மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. எண் கணிதத்தை நம்புபவர்களுக்கோ அந்த ஓர் எழுத்து பெரிய விஷயம். பிறந்த தேதியால் வரும் எண்ணை மாற்ற முடியாது. பெயர் எண்ணை மாற்றலாம். கணவன், மனைவி இருவரின் பெயர் எண்களும் கூடி வீட்டுக்கென்று ஒரு பொது அதிர்வை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் கருத்து. இது நம்பிக்கையே, அறிவியல் நிறுவிய உண்மை அன்று. ஆயினும் நம்பிச் செய்பவர்கள் அந்த முறையின் விதிக்குள்ளேயே தடுமாறி, பிறகு ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மயிலாப்பூரைச் சேர்ந்த ஆர். கவிதா, எம். செந்திலை மணக்கிறார். நம் ஊரில் பரவலாகப் பின்பற்றப்படும் கால்டிய முறையில், பெயர் தமிழ்ப் பெயரானாலும் ஆங்கில எழுத்துகளுக்கே மதிப்பு உண்டு. எந்த எழுத்துக்கும் 9 தரப்படுவதில்லை.

```
KAVITHA = 2+1+6+1+4+5+1 = 20
R. KAVITHA = 2+20 = 22 → 4
S. KAVITHA = 3+20 = 23 → 5
M. SENTHIL = 4+26 = 30 → 3
```

ஒற்றை இலக்கமாகச் சுருக்குவதற்கு முன் வரும் கூட்டு எண்ணுக்கும் பலன் உண்டு; 22 என்ற கூட்டு எண் ஆகாதது என்றும் 23 மிகச் சிறந்தது என்றும் சொல்வார்கள். ஆகவே முதலெழுத்து மாறியதாலேயே கவிதாவுக்கு நல்லது நடந்துவிட்டது என்று குடும்பம் மகிழ்கிறது. இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. மனைவியின் எண்ணைத் தனியாகப் பார்த்து முடிவு செய்துவிட்டு, தம்பதியர் எண்ணைப் பிறகு கூட்டுகிறார்கள். 5, 3 இரண்டையும் கூட்டினால் 8. சனியின் எண் என்று பலரும் அஞ்சுவது அதுதான். ஒருவருக்கு உகந்தது இருவருக்கும் உகந்ததாக இருக்கும் என்று இந்த முறையே உறுதி தருவதில்லை. அதனால் தம்பதியர் எண் வேண்டுமென்றால் அதையும் முதலிலிருந்தே சேர்த்துப் பார்ப்பதுதான் ஒழுங்கு.

அடுத்த தவறு, எட்டைக் கண்டு பயந்து வேறொரு முறைக்குத் தாவுவது. பித்தகோரஸ் பெயரால் வழங்கும் அட்டவணையில் அதே S. KAVITHA 28 ஆகி 1 என்று முடியும். கணவருக்கு ஒரு முறையிலும் மனைவிக்கு இன்னொரு முறையிலும் கணித்துக் கூட்டிய தொகைக்கு எந்த முறையிலும் பொருள் இல்லை. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் எந்த அட்டவணையைக் கொண்டவை என்பதை, உங்கள் பெயரில் ஒரே ஓர் எழுத்தைச் சோதித்தே அறியலாம்: I என்ற எழுத்துக்கு 1 வந்தால் கால்டிய முறை, 9 வந்தால் மற்றது.

கூட்டு எண்ணைத் தம்பதியருக்குப் பலன் சொல்லப் பயன்படுத்துவதும் தவறு. 23, 30 சேர்ந்தால் 53. ஆனால் கீரோ என்ற புனைபெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் தந்த கூட்டு எண் பலன்கள் 10 முதல் 52 வரையே. 53க்கு அவர் பலன் எழுதவில்லை. இங்கு ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

எட்டைத் தவிர்க்க வழக்கமாகச் சொல்லப்படும் பரிகாரம் ஓர் எழுத்தைக் கூட்டுவது. S. KAVITHAA என்று எழுதினால் 24, அதாவது 6. செந்திலின் 3 சேர்ந்து 9 ஆகிறது. கணக்கு சரிதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. திருமணப் பதிவுச் சான்றிதழில் கணவர் பெயர் இருப்பதால் முதலெழுத்து மாறியதற்கு அதுவே விளக்கமாகிவிடும். கூடுதலாக வந்த A எழுத்துக்கு அந்தச் சான்றிதழ் எந்த விளக்கமும் தராது. அதற்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வேண்டும். சென்னையிலுள்ள எழுதுபொருள் அச்சுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக, இதையும் மறந்துவிடுகிறார்கள்: சில படிவங்கள் முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லும். அப்போது பெயர் KAVITHAA SENTHIL ஆகி, 21, 26 கூடி 47, அதாவது 2 என்று நிற்கும். தம்பதியர் எண் 5 ஆகிவிடும். அன்றாடம் கையெழுத்திடும் வடிவம் எது, கடவுச்சீட்டில் வரும் வடிவம் எது என்று இரண்டையும் தாளில் எழுதிக் கணித்த பிறகே எழுத்தைக் கூட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், முதலெழுத்துக்கு ஒரு முறை, கூடுதல் எழுத்துக்கு இன்னொரு முறை என்று பிரித்துச் செய்தால் அந்த வாய்ப்பு அத்தோடு தீர்ந்துவிடும். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் செய்துவிட வேண்டும்.