கொடைக்கு ஊருக்குப் போகணும்: நைட் டூட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது எப்படி?

ஆடி பிறந்தால் நெல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் டூட்டி மாற்றிக் கேட்கிற மெசேஜ்கள் வர ஆரம்பித்துவிடும். பங்குனி உத்திரம் மாதிரி எல்லாருக்கும் ஒரே நாள் என்றால் யாரிடமும் கேட்டுப் பயனில்லை, அவரவர் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். கோயில் கொடை ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் வருவதால் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கும். கேட்கிற விதம்தான் சரியாக இருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் இப்படி அனுப்புகிறார்:

"அக்கா செவ்வா நைட் நீங்க பாத்துக்கோங்க ஊர்ல கொடை நா வர மாட்டேன் ப்ளீஸ்"

எந்தச் செவ்வாய் என்று இதில் இல்லை. பதிலுக்குச் செல்வி எந்த டூட்டியைப் பார்ப்பார் என்றும் இல்லை. எல்லாவற்றையும்விட, "வர மாட்டேன்" என்று முடிவைச் சொல்லிவிட்டுத்தான் உதவி கேட்கிறார். அக்கா முடியாது என்றால் வார்டில் ஆள் இருக்காது, பழி அக்கா மேல் விழும். ப்ளீஸ் போட்டாலும் இது கட்டளைதான்.

இதைத் திருத்த, மெசேஜைத் தொடுவதற்கு முன்னால் ரோஸ்டரைப் பார்க்க வேண்டும். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. செல்வியின் டூட்டி 12ஆம் தேதி செவ்வாய் இரவு 8 முதல் புதன் காலை 8 வரை. மேரிக்கு அன்றைக்கு மதியம் 2 முதல் 8 வரை டூட்டி. அவரிடம் கேட்டால் தொடர்ந்து 18 மணி நேரம் நிற்கச் சொல்வதாகிவிடும், அதனால் மேரியிடம் கேட்கவே கூடாது. இசக்கியம்மாள் அக்காவுக்குச் செவ்வாய் ஆஃப், புதனும் வியாழனும் நைட். செவ்வாய் நைட்டை அவர் எடுத்துக்கொண்டு, வியாழன் நைட்டைச் செல்வி எடுத்துக்கொண்டால் அக்காவுக்கு அதே இரண்டு நைட்தான், ஒரு நாள் முன்னால் தொடங்கும், அவ்வளவே. செல்விக்கு வியாழனும் வெள்ளியும் ஆஃப் என்பதால் அவருக்கும் இடிக்காது.

புதன் நைட்டைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லாதது நல்லது. சாமக்கொடை முடிய நடுராத்திரி தாண்டும், புதன் மதியம் வரை கோயில் வேலை இருக்கும். தூக்கம் இல்லாமல் வந்து ஊசி மருந்து போடுவது நோயாளிக்கு ஆபத்து.

இனி மெசேஜ். குரூப்பில் போடாமல் அக்காவுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். குரூப்பில் பெயர் சொல்லிக் கேட்டால் பத்துப் பேர் பார்க்க மறுக்கச் சங்கடப்படுவார். அக்காவே நைட் பார்த்துவிட்டுத் தூங்குகிற நேரத்தில் போன் அடிக்கவும் வேண்டாம்.

"இசக்கியக்கா, வணக்கம். ஒரு உதவி கேக்கணும். வர்ற 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை எங்க ஊர்ல கொடை. சாமக்கொடை நடுராத்திரிதான், அதனால பெர்மிஷன் போட்டுட்டு வர முடியாது. அன்னிக்கு எனக்கு நைட், 8 மணிக்கு. ரோஸ்டர்ல உங்களுக்கு ஆஃப்னு பாத்தேன். நீங்க செவ்வாய் நைட் பாக்க முடியுமாக்கா? உங்க வியாழக்கிழமை நைட்டை நான் பாத்துக்கிடுதேன். வேற நாள் வசதின்னாலும் சொல்லுங்க. நீங்க சரின்னு சொன்ன அப்புறம்தான் இன்சார்ஜ் சிஸ்டர்ட்ட கேப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும். ஆஃப் அன்னிக்கு வீட்ல வேலை இருந்தா தயங்காம முடியாதுன்னு சொல்லுங்க, நான் வேற ஆள்ட்ட கேட்டுக்கிடுதேன்."

நீளமாகத் தெரியலாம். ஆனால் அக்கா திருப்பி ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. கடைசி வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மறுக்க இடம் கொடுப்பது அதுதான். காரணம் ஒரு வரி போதும். அம்மா அழுவாள், சொந்தக்காரர் பேசுவார் என்று அடுக்கினால் நெருக்குவது போல் ஆகிவிடும்.

வெள்ளிவரை நேரம் கொடுத்துவிட்டு அதற்குள் இன்னொருவரிடமும் கேட்கக் கூடாது. இரண்டு பேரும் சரி என்றால் ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும், அடுத்த முறை அவர் வர மாட்டார். முடியாது என்று பதில் வந்தால் "சரிக்கா, பரவாயில்ல, சொன்னதுக்கு நன்றி" போதும். ஏன் என்று கேட்க வேண்டாம். "வியாழன் வேண்டாம், சனிக்கிழமை பாக்கியா?" என்று வந்தால் ரோஸ்டரை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரி என்று வந்ததும் இன்சார்ஜிடம் போய் இரண்டு நாளையும் சொல்லி, ரோஸ்டரில் பெயர் மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சோடு விட்டால், அக்காவுக்கு அன்று காய்ச்சல் வந்தாலும் வராத கணக்கு செல்வி பெயரில்தான் விழும். மாற்றி எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பி, திங்கட்கிழமை ஒரு வரி நினைவுபடுத்திவிட்டுப் பஸ் ஏறலாம்.