டிரெயினி விண்ணப்பத்தில் அனுபவத்தை ஊதிப் பெருக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் கோயில் கூடத்துக்குச் சனிக்கிழமை மாலைகளில் சில பிள்ளைகள் விண்ணப்பப் படிவங்களோடு வருவார்கள். பெரும்பாலும் பி.காம். கடைசி ஆண்டு, சிலர் பொறியியல். பெரிய கம்பெனிகள் நடத்தும் மேனேஜ்மென்ட் டிரெயினி திட்டத்தில் சேர ஆசைப்படுகிறவர்கள். நான் டர்பனில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் 19 ஆண்டுகள் இருந்தேன். அதற்கு முன், அதே மாதிரி ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்துத் தோற்றவள். நான் அன்று எழுதியதை இன்று இவர்கள் அப்படியே எழுதிக்கொண்டு வரும்போது மனசு பதறுகிறது.

எழுத்துப்பிழை, தாமதமாகப் போவது, கசங்கிய சட்டை பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

## சின்ன வேலைக்குப் பெரிய பெயர் வைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

டிரெயினி திட்டம் பெரும்பாலும் ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டு வரை ஓடும். விற்பனை, கிடங்கு, நிதி என்று சில மாதங்களுக்கு ஒரு பிரிவாக மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். முடிவில் ஒரு சிறு குழுவையோ ஒரு பிரிவையோ கையில் கொடுப்பார்கள். 22 வயதுப் பிள்ளையிடம் அனுபவம் இருக்காது என்பது கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். அனுபவம்தான் வேண்டுமென்றால் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவரை எடுத்திருப்பார்கள். புதிதாக ஒன்றைப் பார்த்தால் இந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது, தப்பு நடந்தால் என்ன செய்கிறது என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டப் பார்க்கிறோம்.

நான் கல்லூரி டிசம்பர் விடுமுறையில் ஒரு துணி ஆலையில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். படிவத்தில் "ஏற்றுமதிப் பிரிவில் ஒருங்கிணைப்புப் பணி" என்று எழுதினேன். நேர்காணல் வரை போனது. அங்கே ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "ஒரு அனுப்புகை தாமதமானால் முதலில் யாருக்குச் சொல்வீர்கள்?" எனக்குத் தெரியவில்லை. அடுத்த கேள்விக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் சொன்ன உண்மைகளைக்கூட அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதில் என்னை இன்றும் வருத்துவது வேறு ஒன்று. அந்த ஆலையில் இரண்டு அளவுச் சட்டைகளுக்கு லேபிள் ஒரே நிறத்தில் இருந்தது. அவை அடிக்கடி கலந்துபோவதைப் பார்த்து, யாரும் சொல்லாமலேயே நான் இரண்டு கூடைகள் வைத்துப் பிரித்தேன். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு மற்ற மேசைகளிலும் அப்படியே வைக்கச் சொன்னார். சொல்ல வேண்டிய கதை அதுதான். "கூடை வைத்ததெல்லாம் ஒரு விஷயமா" என்று நானே அதை ஒதுக்கிவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. நேர்காணலில் இரண்டு பேர் இருந்தால் இருவரிடமும் ஆளுக்கொரு தாள் இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு திறனைப் பார்ப்பதற்காக: பகுத்துப் பார்ப்பது, தானாக முன்வருவது, பிறரை இணங்க வைப்பது, கற்றுக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். ஆனால் சும்மா போட முடியாது. விண்ணப்பதாரர் சொன்னதிலிருந்து சான்று எழுத வேண்டும். பிறகு இருவரும் தாள்களை ஒப்பிடும்போது "ஏன் 4 போட்டீர்கள்?" என்று கேட்பார்கள். "மாமாவின் கடையை நிர்வகித்தேன்" என்ற வரியை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவேன்? "லேபிள் கலந்தது, தானே பிரித்தார், மற்ற மேசைகளுக்கும் பரவியது" என்றால் எழுதலாம்.

போன ஆண்டு ஒரு பெண் வந்தாள். பி.காம். கடைசி ஆண்டு. வார இறுதிகளிலும் விடுமுறையிலும் மாமாவின் மளிகைக் கடையில் நின்றவள். அவள் படிவத்தில் இருந்தது இது: "ஒரு சில்லறை வணிகத்தின் இருப்பு, நிதி, வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றை நிர்வகித்தேன்."

"கடையின் மாத விற்பனை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"தெரியாது ஆன்ட்டி. கணக்கை மாமாதான் பார்ப்பார்."

"சரி, நீ இருந்த நாட்களில் எது உனக்கு உறுத்தியது?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரொட்டி என்றாள். மாமா தினமும் ரொட்டி வண்டிக்காரரிடம் 60 ரொட்டி வாங்குவார். சில நாட்கள் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும், சில நாட்கள் மிஞ்சும். மிஞ்சியதை மறுநாள் பாதி விலைக்குக் கொடுப்பார் அல்லது அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார். அவள் ஒரு மாதம் தினமும் மிச்சத்தைக் குறித்து வைத்தாள். தான் நிற்காத நாட்களில் மாமாவைக் கேட்டுக் குறித்தாள். மாதம் 150 ரொட்டி வரை மிஞ்சியது, கிட்டத்தட்ட எல்லாமே 10ஆம் தேதிக்கும் 24ஆம் தேதிக்கும் நடுவில். 25ஆம் தேதிக்குப் பிறகு சம்பளம் வரும், மாதத் தொடக்கத்தில் அரசு உதவித்தொகை வரும், அந்த நாட்களில் ரொட்டி போதவில்லை.

மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரொட்டி இல்லை என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்றார். அது நியாயமான பயம். அதனால் அவள் ஒரு மாதம் மட்டும் சோதித்துப் பார்க்கச் சொன்னாள்: மாத நடுவில் 48, மாத இறுதியிலும் தொடக்கத்திலும் 72, மற்ற நாட்களில் அதே 60. மிச்சம் 40 அளவுக்கு இறங்கியது.

இதற்கு அடுத்துச் சொன்னதைத்தான் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஜூலை முதல் வாரம் 72 வாங்கினார்கள், இரண்டு நாள் தொடர்ந்து 20 மிஞ்சியது. பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு ரொட்டி வாங்குகிற தாய்மார்கள் வரவில்லை. அவள் பார்த்த மாதத்தில் விடுமுறையே இல்லை என்பதால் அது கணக்கில் வரவில்லை. அதன் பிறகு பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை சொன்னாள்.

"அதை விட்டுவிடலாமா ஆன்ட்டி? தப்பாகப் போனதுதானே" என்று கேட்டாள். விடவே கூடாது என்றேன். மதிப்பெண் போடுகிறவருக்கு அந்த ஜூலை வாரம்தான் தங்கம். தன் கணக்கில் எது விடுபட்டது என்று தானே கண்டுபிடித்துத் திருத்துகிற பிள்ளையைக் கிடங்கில் விட்டாலும் விற்பனையில் விட்டாலும் கற்றுக்கொள்ளும். கம்பெனி தேடுகிற கற்கும் ஆற்றலுக்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

கடைசியில் அவள் எழுதியது இப்படி இருந்தது: "என் மாமாவின் மளிகைக் கடையில் வார இறுதிகளில் உதவியாளராக இருந்தேன். மாதம் 150 ரொட்டி மிஞ்சுவதைக் கவனித்து ஒரு மாதம் தினமும் குறித்தேன். மிச்சம் மாத நடுவில்தான் என்று தெரிந்தது. தேதிக்கு ஏற்ப வாங்கும் ஒரு மாதச் சோதனைக்கு மாமாவை இணங்க வைத்தேன். மிச்சம் சுமார் 40 ஆனது. பள்ளி விடுமுறையை நான் கணக்கில் எடுக்காததால் ஜூலையில் ஒரு வாரம் தவறியது. இப்போது பள்ளி நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்கிறேன்."

உதவியாளர் என்ற சொல்லைப் பாருங்கள். அது அவள் மதிப்பைக் குறைக்கவில்லை. அந்த வேலைக்கு மேலே அவள் என்ன செய்தாள் என்பதை அந்தச் சொல்தான் எடுத்துக் காட்டுகிறது. எந்தத் துணைக் கேள்வி வந்தாலும் பதில் கையில் இருக்கிறது, ஏனென்றால் எல்லாம் நடந்தது.

உங்கள் படிவத்தைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு வரியையும் வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஐந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: முதலில் எதைப் பார்த்தாய், வேறு என்ன வழி இருந்தது, யார் மறுத்தார்கள், என்ன ஆனது, இன்னொரு முறை என்றால் எதை மாற்றுவாய். மூன்றாவது கேள்வியில் பதில் தீர்ந்துபோனால் அந்த வரி ஊதிப் பெருக்கியது. எடுத்துவிடுங்கள்.

## "நாங்கள்" என்றே பேசுவது

நம் வீடுகளில் "நான் செய்தேன்" என்று சொல்வதைத் தற்பெருமை என்று வளர்த்துவிட்டார்கள். காவடித் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒரு பையன் தனியாக ஒழுங்கு செய்திருப்பான், கேட்டால் "நாங்கள் பார்த்துக்கொண்டோம்" என்பான். ஆங்கிலத்தில் பேசினாலும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. தாளில் எழுதுகிறவருக்கு அந்த "நாங்களில்" உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியாது. நல்லவராக இருந்தால் ஒரு முறை திருப்பிக் கேட்பார், அதன் பிறகு கேட்க மாட்டார்.

அடக்கத்தை விட வேண்டாம், பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள். "பணமும் கடைசி முடிவும் மாமாவுடையது. எண்ணியதும் சோதனையை முன்வைத்ததும் நான்." இதில் பெருமையும் இல்லை, மறைப்பதும் இல்லை.

## தவறிய பாடத்தை மறைப்பது

மதிப்பெண் பட்டியலை எப்படியும் கேட்பார்கள். ஏன் தவறியது, மறுமுறை எதை மாற்றிப் படித்தீர்கள் என்று இரண்டு வரி தயாராக இருக்கட்டும்.

## குழுப் பயிற்சியில் தலைவராக முயல்வது

தேர்வு நாளில் ஐந்தாறு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்து ஒரு கம்பெனிச் சிக்கலைக் கொடுப்பார்கள். சுவரோரம் உட்கார்ந்து சிலர் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதிகம் பேசியவருக்கு அதிக மதிப்பெண் என்று நினைத்து முதல் நிமிடமே பேனாவைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் ஒரு புதிய தகவல் தாள் வரக்கூடும், அதைப் படித்துவிட்டு "அப்படியானால் நான் முன்பு சொன்னது சரிவராது" என்று தன் கருத்தை மாற்றுகிறவரை நாங்கள் குறித்துக்கொள்வோம். வாய் திறக்காத ஒருவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பதிலைப் பயன்படுத்துகிறவரையும்.

## கணக்குத் தேர்வைச் சாதாரணமாக எடுப்பது

மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். அட்டவணையும் சதவீதமும்தான், ஆனால் நேரம் குறைவு.

## பழைய சான்றொப்பம்

மெட்ரிக் சான்றிதழ், அடையாள அட்டை நகல்களில் 3 மாதத்துக்குள் போட்ட சான்றொப்பம்தான் வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். போலீஸ் நிலையத்தில் இலவசமாகவே போட்டுக் கொடுப்பார்கள்.

## "எந்தப் பிரிவானாலும் சரி" என்பது

பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள், யோசிக்காதவர் என்று எழுதப்படும். எல்லாப் பிரிவுக்கும் அனுப்பத்தான் போகிறார்கள். ஆனாலும் எதைப் பார்க்க ஆவல், அந்த ஆவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். ரொட்டிக் கணக்குப் போட்ட பெண் கிடங்கையும் கொள்முதலையும் சொன்னாள். அவள் கதையைக் கேட்ட யாருக்கும் ஏன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

## கடைசியில் கேட்க எதுவும் இல்லை என்பது

"பயிற்சி முடிந்ததும் யாரை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?" இதைக் கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.