பணம் போய்விட்டது, ஆர்டரைக் காணோம்: அவசரத்தில் செய்கிற தவறுகள்

வியாழக்கிழமை இரவு 9:12. பிரிண்டர் ஒன்றை ஆர்டர் செய்த என் தம்பி, கார்டு எண்ணைக் கொடுத்து ஓடிபியையும் தட்டிவிட்டுக் காத்திருந்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவ, பக்கம் உடைந்து `Session expired` என்று வந்து நின்றது. 9:13-க்குப் பணம் கழிக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. கடையின் ஆப்பைத் திறந்தால் ஆர்டருக்கு எதிரே `Payment pending`.

"அக்கா, காசு போயிடுச்சு, ஆர்டரைக் காணோம்" என்று அவன் எனக்கு போன் செய்தபோது மணி 9:25. அதற்குள் 9:16-க்கே இன்னொரு முறை பணம் கட்டி, புது ஆர்டர் ஒன்றை உறுதி செய்தும் விட்டிருந்தான். முதல் பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்பதுதான் அவன் கவலை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, 9:31-க்கு, முதல் ஆர்டரும் உறுதியாகிவிட்டது. ஒரு பிரிண்டருக்கு ஆசைப்பட்டவனுக்கு இரண்டு பிரிண்டர்.

நான் சில வருடம் ஓர் இணையக் கடையின் கணக்குப் பிரிவில் இருந்தவள். தினமும் காலையில் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கும் ஆர்டர்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இது அவ்வளவு மர்மமான விஷயம் இல்லை. பணம் எங்கும் தொலைந்திருக்காது. பணம் கட்டியாகிவிட்டது என்ற செய்திதான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

உடனே இன்னொரு முறை கட்டுவது

பெரிய தவறு இதுதான், அதிகம் பேர் செய்வதும் இதுதான். ஏன் தவறு என்று புரிய, ஓடிபி போட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடை உங்களை பேமென்ட் கேட்வே என்ற இடைத்தரகரிடம் அனுப்புகிறது. கேட்வே உங்கள் வங்கியிடம் கேட்கிறது, வங்கி சரி என்கிறது. அந்தச் சரியைக் கடையிடம் சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, உங்கள் போன் வழியாக: கேட்வேயின் பக்கம் உங்களை மறுபடி கடையின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும்போது முடிவும் கூடவே போகும். பக்கத்தை மூடினாலோ, பின்னால் போகும் பட்டனை அழுத்தினாலோ, இணையம் துண்டித்தாலோ அறுந்துபோவது இந்த வழிதான். தம்பிக்கு அறுந்ததும் இதுவே. இரண்டாவது வழியில் உங்கள் போனுக்கு வேலையே இல்லை. கேட்வேயின் கணினி நேரடியாகக் கடையின் கணினிக்கு ஒரு தகவல் அனுப்பும். அதற்கு வெப்ஹுக் என்று பெயர். கடையின் கணினி அந்த நேரத்தில் பதில் சொல்லாவிட்டால், கொஞ்சம் விட்டு மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் விட்டு. இது போதாதென்று, பல கடைகள் தாங்களாகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை "இந்த ஆர்டருக்குப் பணம் வந்ததா?" என்று கேட்வேயிடம் விசாரித்துக்கொண்டும் இருக்கும்.

ஆகவே `Pending` என்று இருந்தால், கடை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். `Failed` என்பது வேறு, அது விசாரித்து முடித்த பிறகு வருவது. தொங்கி நிற்கும் ஆர்டர்களில் பெரும்பாலானவை பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடும். தம்பியின் முதல் ஆர்டர் 18 நிமிடத்தில் விழுந்தது. அவன் காத்திருந்தது மூன்றே நிமிடம்.

அவசரமாக வேண்டும், காத்திருக்க முடியாது என்றால்? தொங்குகிற ஆர்டருக்குப் பக்கத்தில் அதை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கட்டினால், முதல் பணத்தின் செய்தி தாமதமாக வந்து சேரும்போது, ஆர்டர் ஏற்கெனவே ரத்தானது என்று பார்த்து ஒழுங்கான கடை அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு தடவை பணம் முடங்கினாலும் பொருள் இரண்டாக வராது. ரத்து செய்ய வழியில்லை, கடையும் பதில் சொல்லவில்லை என்றால் காத்திருப்பதுதான் மலிவு.

வராத வரவைத் தேடுவது

இது கொஞ்சம் நுணுக்கமான தவறு. கார்டில் பணம் கட்டும்போது வங்கி முதலில் செய்வது உங்கள் பணத்தை ஒதுக்கி வைப்பதுதான். ஹோல்டு என்பார்கள். அந்தத் தொகையை நீங்கள் செலவு செய்ய முடியாது, ஆனால் அது இன்னும் உங்கள் கணக்கைவிட்டுப் போகவில்லை. கடை "எனக்குக் கொடு" என்று தனியாக ஒரு கோரிக்கை அனுப்பிய பிறகுதான் உண்மையில் கை மாறும். சில கடைகள் அதை அடுத்த நொடியே அனுப்பும், சில பொருளை அனுப்பும் நாளில் அனுப்பும். குறுஞ்செய்தியோ இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. ஒதுக்கி வைத்தபோதே கழிக்கப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. (இந்த ஒரு வார்த்தையால் எத்தனை பேருக்குத் தூக்கம் போயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.)

வங்கியின் ஆப்பில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒதுக்கிய தொகை பல வங்கிகளில் மற்ற வரிகளோடு சேராமல் தனியாக நிற்கும், அல்லது எழுத்து மங்கலாக இருக்கும். இருப்பை இரண்டு விதமாகக் காட்டும் வங்கிகளில், செலவு செய்யக்கூடிய இருப்பு குறைந்திருக்கும், கணக்கின் மொத்த இருப்பு அப்படியே இருக்கும்.

கடை அந்த ஆர்டரை வேண்டாம் என்று முடிவு செய்தால், ஒதுக்கலை விடுவிக்கச் சொல்லும். அப்போது உங்கள் கணக்கில் புதிதாக ஒரு வரவு வராது. பற்று வரியே மறைந்துபோகும், செலவு செய்யக்கூடிய இருப்பு பழையபடி ஏறிவிடும். இது தெரியாமல், பணம் திரும்பிய பிறகும் வரவு வரியைத் தேடிக்கொண்டு வாரக்கணக்கில் கடையோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். கடை விடுவிக்கச் சொன்ன உடனே வங்கி அதைச் செய்யும் என்றும் இல்லை. சில வங்கிகளில் சில நிமிடம், சிலவற்றில் சில நாள். கடை ஒன்றுமே சொல்லாமல் விட்டாலும் ஒதுக்கல் காலாவதியாகித் தானாக விழும். இணையக் கடையில் வாங்கியதற்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்.

கார்டு இல்லாமல், கணக்கிலிருந்து நேராக உடனடிப் பணமாற்றமாக அனுப்பியிருந்தால் கதை வேறு. அங்கே பொதுவாக ஒதுக்கல் என்ற கட்டம் கிடையாது. பணம் உண்மையாகவே கிளம்பிவிட்டது. அது திரும்ப வந்தால் தனி வரவு வரியாகத்தான் வரும், அதைத் தேடுவது சரி. எதிர்ப்பக்க வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகமாகிவிட்டால், நாள் முடிந்த பிறகு வங்கிகள் தங்கள் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் தெளியும். வார இறுதியோ விடுமுறையோ குறுக்கே வந்தால் அந்த வேலையும் தள்ளிப்போகும்.

எண் இல்லாமல் புகார் செய்வது

"பணம் போச்சு" என்று குறுஞ்செய்தியின் படத்தை மட்டும் அனுப்புவார்கள். தொகையும் தேதியும் வைத்து ஒரு பரிவர்த்தனையைத் தேடினால், ஒரே விலைக்கு விற்ற நூறு ஆர்டர் வந்து நிற்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது பரிவர்த்தனையின் எண். கார்டு பரிவர்த்தனைகளில் வங்கியும் கேட்வேயும் பொதுவாக வைத்திருக்கும் 12 இலக்கக் குறிப்பெண் ஒன்று உண்டு, ஆர்ஆர்என் என்பார்கள். வங்கி ஆப்பில் அந்த வரியைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் பல சமயம் அங்கேயே இருக்கும். அந்த எண்ணும், கடையின் ஆர்டர் எண்ணும், நிமிடத்தோடு நேரமும் ஒரே மின்னஞ்சலில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியும்.

முதலில் கடையைக் கேளுங்கள், வங்கியை அல்ல. பணம் கொடுக்கத் தான் சரி சொன்னது மட்டுமே வங்கிக்குத் தெரியும். ஆர்டர் என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது. ஆனால் கடையின் போன் எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். பதற்றத்தில் இருக்கிறவர்கள் தேடுவார்கள் என்று தெரிந்தே மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருப்பார்கள். கடையின் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கம் போதும். பணத்தைத் திருப்ப ஓடிபியோ பின் எண்ணோ யாருக்கும் தேவையில்லை, கேட்டால் போனை வைத்துவிடலாம்.

முதல் நாளே வங்கியில் தகராறு பதிவு செய்வது

சார்ஜ்பேக் என்ற வழி இருக்கிறது: கடை பொருளும் தரவில்லை, பணமும் தரவில்லை என்று வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்பது. பணம் உண்மையில் கை மாறிய பிறகுதான் இதற்கு வேலை. ஒதுக்கல் நிலையில் இருக்கும்போது கேட்டால், வரி பதிவாகட்டும், பிறகு வாருங்கள் என்று பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். பதிவான பிறகு அவசரப்பட்டுக் கேட்டால் வேறொரு சிக்கல். கடை ஏற்கெனவே திருப்பி அனுப்பிய பணம் வழியில் இருக்கும்போதே தகராறும் சேர்ந்தால், கடை தன் பக்கத்தை நிறுத்திவைக்கும், இரண்டும் ஒன்றோடொன்று சிக்கி நாள் இழுக்கும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொருள் வராத வகைப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. உங்கள் வங்கி அதைவிடக் குறைத்து வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் பொறுப்பதால் அந்த உரிமை போய்விடாது. நீங்கள் செய்யவே செய்யாத பரிவர்த்தனை என்றால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் வங்கியைக் கூப்பிடுங்கள்.

தம்பிக்கு வருவோம். இரண்டாவது பிரிண்டரை அன்று இரவே ரத்து செய்திருந்தால் ஒதுக்கலை விடுவிப்பதோடு முடிந்திருக்கலாம். அவன் "ஃப்ரெண்டு யாராவது வாங்கிப்பாங்க" என்று காலைவரை வைத்திருந்தான். அதற்குள் கடை பெட்டியைக் கட்டி, பணத்தையும் கேட்டு வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ரத்து செய்தபோது அது முறையான ரீஃபண்டாகிவிட்டது: கடை, கேட்வே, கார்டு நெட்வொர்க், வங்கி என்று வந்த வழியே திரும்ப வேண்டும், பொதுவாக ஐந்திலிருந்து பத்து வேலை நாள். ஏழாவது வேலை நாளும் வராததால் கடையிடம் ஏஆர்என் எண்ணைக் கேட்கச் சொன்னேன். கார்டு ரீஃபண்டுக்கு உண்டான 23 இலக்க எண் அது. வங்கியில் அதைச் சொன்னதும், பணம் முந்தின நாளே தங்களிடம் வந்துவிட்டது, கணக்கில் ஏற்றத்தான் பாக்கி என்றார்கள். மறுநாள் காலை ஏறியிருந்தது. "குறுஞ்செய்தியே வரலையேக்கா" என்றான். எடுக்கும்போது அனுப்புகிற அவசரம் கொடுக்கும்போது இருக்காதுடா என்றேன்.