இருகூறாக்கல் முறை 1-லேயே நின்றுபோன கதை

x³ − 3x² + 3x − 1.002 = 0 என்ற சமன்பாட்டின் மூலத்தை இரண்டு தசம இடங்களுக்குக் கண்டுபிடிக்க வேண்டும். f(0) குறை, f(2) மிகை. சரி, இடைவெளி [0, 2]. ஆனால் நிரல் முதல் நடுப்புள்ளியிலேயே 1.00 என்று சொல்லி நின்றுவிட்டது. வரைபடத்தில் மூலம் 1.1-ஐத் தாண்டி இருந்தது.

தொடக்க இடைவெளிதான் தவறோ என்று [−1, 3] கொடுத்தேன். மறுபடியும் 1.00. அதன் நடுப்புள்ளியும் 1 தான் என்பது உறைக்காமல் இரண்டு நாள் போயிற்று.

காரணம் நிறுத்த விதி. |f(x)| < 0.005 ஆனால் நிறுத்து என்று எழுதியிருந்தேன். f(1) = −0.002. வளைவு அங்கே கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கிறது. அதனால் f சிறிதாக இருந்தும் x வெகுதூரம் தள்ளியிருக்கிறது.

இடைவெளியை வைத்து நிறுத்தினேன்:

```
while (b - a)/2 >= 0.005:
    m = (a + b)/2
    if f(a)*f(m) <= 0: b = m
    else: a = m
```

[0, 2]-இலிருந்து எட்டு பாதியாக்கலில் [1.125, 1.1328] கிடைத்தது.

அரை அகலம் 0.005-க்குள் வந்தாலும் இரண்டாம் தசம இலக்கம் உறுதியாகிவிடாது. இரு முனைகளையும் இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்கினால் ஒரே எண் வர வேண்டும். இங்கே f(1.125) சுமார் −0.00005. குறை என்பதால் மூலம் 1.125-க்கு மேலே, ஆகவே விடை 1.13. மூலத்தின் மதிப்பு சுமார் 1.12599.