அரைப்பேர் விழும் இடம்: கொழுந்துக் கணக்கில் நடக்கும் தவறுகள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்று பெயர். ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவான நோர்ம் கிலோவை எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான் போடுகிறார்கள். நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இங்கே 18 கிலோ என்றும், நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா என்றும், மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் தவறு, தராசு காட்டும் எடையை நோர்மோடு ஒப்பிடுவது. காலையில் 7.5, மதியம் 6, மாலையில் 6 என்று நிறுத்தால் 19.5 கிலோ, நோர்ம் தாண்டிவிட்டது போலத் தெரியும். ஆனால் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் 1 கிலோ கழித்தால் பதிவாவது 16.5தான். ஆகவே தராசைப் பார்த்தால் போதாது, கணக்கப்பிள்ளை எழுதுவதையும் பார்க்க வேண்டும். சாக்கின் எடையை வெறும் சாக்கைத் தொங்கவிட்டே அறியலாம். மழை நாளில் கழித்த அதே அளவை வெயில் நாளிலும் கழித்தால், அது ஈரத்துக்கான கழிவு அல்ல.

அடுத்தது, கிலோவால் பெருக்கிப் பார்ப்பது. 1350ஐ 18ஆல் வகுத்தால் கிலோவுக்கு 75 ரூபா, அப்படியானால் 16.5 கிலோவுக்கு 1237 ரூபா 50 சதம் வரும் என்று தோன்றும். அரைப்பேரில் வருவது 675 மட்டும். ஒன்றரைக் கிலோ குறைந்ததற்குப் போவது 675 ரூபா! கிலோவுக்கு 41 ரூபாகூட நிற்காது. மேலதிகக் கிலோவின் விலையை விடவும் குறைவு. எனவே மாலை நிறுவைக்கு முன் அன்று பதிவான மொத்தத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம். 18ஐ எட்ட வைக்கும் அந்தக் கடைசிக் கிலோவுக்குத்தான் நாளிலேயே அதிக விலை.

பலரும் ஏமாறுவது இன்னொன்றில்: நேற்று கூட எடுத்தது இன்றைய குறைவை ஈடுகட்டும் என்ற நினைப்பு. நேற்று 24, இன்று 16 என்றால் நேற்றைக்கு 1650, இன்றைக்கு 675, மொத்தம் 2325 ரூபா. அதே 40 கிலோவை நாளுக்கு 20ஆக எடுத்திருந்தால் 2900. ஒவ்வொரு நாளும் தனிக்கணக்கு. வறட்சியில் அரும்பு வராத மலைக்கும், கொழுந்து பறிக்கும் ரவுண்டு தள்ளிப்போய் இலை முற்றிய மலைக்கும் அனுப்பும்போது இதுதான் அடிக்கிறது. அன்றைய நோர்ம் எவ்வளவு, குறைத்திருக்கிறார்களா என்பதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலேயே கேட்க வேண்டும். மலைக்குப் போய் வெறும் சாக்கோடு திரும்பிய பின் கேட்டால், கை மெதுவு என்றுதான் பதில் வரும்.

பதிவு தவறினால் அன்று மாலையே சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு வரும்போது அது அரைப்பேர்களின் எண்ணிக்கையாக மட்டுமே இருக்கும். எந்த நாள், எந்த நிறுவை என்று அதில் தேட முடியாது. மூன்று நிறுவைகளையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் மட்டுமே, “பன்னிரண்டாம் திகதி மாலை நிறுவை ஏறவில்லை” என்று காட்டிப் பேசலாம்.